கீனோவில் முந்தைய குலுக்கலின் 5 எண்கள் திரும்ப வருகின்றன. இதைப் பிடிமானமாக வைக்கலாமா?

ஈஸ்ட்ஹாம் வாசி | 3 நவம்பர் 2025, இரவு 9.40

ஒரு கிழமையா ஒன்லைன் கீனோ முடிவுகளைக் கொப்பியில குறிச்சுக்கொண்டு வாறன். 1 தொடக்கம் 80 வரைக்கும் எண்கள், ஒவ்வொரு தடவையும் 20 எண் விழுது. முந்தின குலுக்கலில வந்த 20இல அஞ்சோ ஆறோ அடுத்ததிலயும் வருது. 60 குலுக்கல் பாத்திட்டன், சராசரி அஞ்சுக்குக் கிட்டத்தான் நிக்குது. அப்ப முந்தின குலுக்கலில இருந்தே 4 எண் எடுத்துப் போட்டால் நல்லம்தானே?

இன்னொண்டு. 90 பந்து பிங்கோவில ஆறு சீட்டை ஒரே கட்டா வாங்கினால் வெல்லுற சந்தர்ப்பம் கூடுமோ?

பழைய சீட்டு | 3 நவம்பர், இரவு 10.15

நீங்க பார்த்தது சரிதான். நானும் இதையே ரொம்ப நாளா சொல்றேன். சூடா இருக்கிற எண் சூடாவே இருக்கும். முந்தின ஆட்டத்துல வந்ததை எடுங்க, ஆனா நாலையும் அங்கிருந்தே எடுக்காதீங்க. மூணு பழசு, ஒண்ணு புதுசு.

எண்கணக்கு | 3 நவம்பர், இரவு 11.02

ஐந்து திரும்ப வருகிறது என்பது உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு.

80 எண்ணில் 20 விழுகிறது என்றால் எந்த எண்ணுக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. முந்தைய குலுக்கலில் வந்த 20 எண்களில் நாலில் ஒரு பங்கு எவ்வளவு? ஐந்து. உங்கள் கொப்பியில் இருப்பது அதுதான். இப்போது மற்ற பக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். முந்தைய குலுக்கலில் வராத எண்கள் 60. அடுத்த குலுக்கலின் மீதி 15 எண்கள் அங்கிருந்துதான் வருகின்றன. 60இல் 15, அதுவும் நாலில் ஒன்று. பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. நீங்கள் ஒரு கூடையை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள்.

ஒவ்வொரு தடவையும் சரியாக ஐந்து வராது, பெரும்பாலும் 3 முதல் 7க்குள் ஆடும். ஒன்றுகூடத் திரும்ப வராமல் போவது ஏறக்குறைய 843 குலுக்கலுக்கு ஒரு முறை. 60 குலுக்கலில் அது கண்ணில் படாததால்தான் "கட்டாயம் வருகிறது" என்று தோன்றுகிறது.

பழைய சீட்டு | 4 நவம்பர், காலை 7.20

கணக்கு புரியுது. ஆனா மெஷின் சரியா இருந்தாத்தானே இந்தக் கணக்கு? மெஷினே ஒரே மாதிரி எண் போட்டா?

கல்லாப்பெட்டி | 4 நவம்பர், காலை 8.05

நடந்திருக்கு. 1994இல் மாண்ட்ரியால் காசினோவில் மின்னணு கீனோ. ஒருவர் 20 எண்ணில் 19ஐச் சரியாகச் சொன்னார், அதுவும் அடுத்தடுத்து மூன்று ஆட்டத்தில். பரிசு 6 லட்சம் கனடா டாலருக்கு மேல். விசாரித்ததில் தெரிந்தது இதுதான்: இயந்திரத்தின் எண் உருவாக்கி ஒவ்வொரு நாளும் ஒரே தொடக்க எண்ணிலிருந்து கிளம்பியது. அதனால் ஒவ்வொரு நாளும் அதே வரிசை அப்படியே திரும்ப வந்தது. அவர் ஏமாற்றவில்லை என்று தெரிந்ததும் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் அந்தக் கோளாறு எப்படி இருந்தது என்று கவனியுங்கள். சில எண்கள் கொஞ்சம் அதிகமாக வரவில்லை. 20 எண்ணும் வரிசையாக, முழுசாகத் திரும்ப வந்தன. கோளாறு இருந்தால் அப்படித்தான் தெரியும். 60 குலுக்கலில் ஒரு எண் 15க்குப் பதில் 20 முறை வந்தால் அது கோளாறு ஆகாது. 80 எண்களை ஒரே நேரத்தில் கவனித்தால் சில எண்கள் அப்படி நிற்கத்தான் செய்யும்.

ஈஸ்ட்ஹாம் வாசி | 4 நவம்பர், மாலை 6.30

சரி, எண் தெரிவு பிரயோசனம் இல்லை எண்டு விளங்குது. அப்ப எதைப் பாக்கிறது? நான் போடுறது 4 எண் சீட்டு. ஒரு பவுண்டு. அட்டவணையில 2 எண் பொருந்தினால் 1, 3 பொருந்தினால் 4, 4ம் பொருந்தினால் 112 எண்டு கிடக்கு. "நாலு தடவைக்கு ஒருக்கா பரிசு" எண்டும் போட்டிருக்கு. இது நல்லதோ கெட்டதோ எண்டு எப்பிடிச் சொல்லுறது?

எண்கணக்கு | 4 நவம்பர், இரவு 9.50

நல்ல கேள்வி. எண்ணை விட்டுவிட்டு அட்டவணையைப் படியுங்கள். கீனோவில் ஒருவர் தேர்ந்தெடுக்க உருப்படியாக இருப்பது அது ஒன்றுதான்.

4 எண் சீட்டுக்கு வாய்ப்புகள் 80இல் 20 விழும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். இரண்டு பொருந்துவது நூற்றுக்கு 21.26. மூன்று பொருந்துவது 4.32. நான்கும் பொருந்துவது 0.306, அதாவது 326 சீட்டுக்கு ஒன்று. இவற்றை உங்கள் அட்டவணையோடு பெருக்குங்கள்:

```
2 எண்:  0.2126 x 1   = 0.213
3 எண்:  0.0432 x 4   = 0.173
4 எண்:  0.0031 x 112 = 0.343
மொத்தம்              = 0.729
```

போட்ட ஒரு பவுண்டில் நீண்ட ஓட்டத்தில் 73 பென்ஸ் திரும்பும். மீதி 27 பென்ஸ் நடத்துகிறவருக்கு. இதைத்தான் ஹவுஸ் எட்ஜ் என்கிறார்கள். (கடைசி வரியில் 0.0031 என்று சுருக்கி எழுதியிருக்கிறேன், பெருக்கியது 0.003063ஆல்.)

ஐரோப்பிய ரூலெட்டில் அந்த எட்ஜ் 2.7 சதம். கீனோ அதைப்போல பத்து மடங்கு.

கல்லாப்பெட்டி | 4 நவம்பர், இரவு 10.30

அந்த "நாலு தடவைக்கு ஒருக்கா பரிசு" என்ற வரியைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் ஆட்கள் விழுகிறார்கள்.

கீனோ அட்டவணையில் உள்ள தொகை உங்கள் பந்தயப் பணத்தையும் சேர்த்தது. ரூலெட்டில் 35 கிடைத்தால் வைத்த 1 தனியாகத் திரும்பி வரும். கீனோவில் வராது. சீட்டு வாங்கிய அந்த நொடியே பணம் போய்விட்டது. எனவே "2 பொருந்தினால் 1" என்றால் நீங்கள் எதையும் ஜெயிக்கவில்லை. உங்கள் பவுண்டே உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

இப்போது எண்ணுங்கள். ஏதாவது ஒன்று கிடைக்கும் வாய்ப்பு 25.9 சதம், விளம்பரம் பொய்யில்லை. ஆனால் அந்தப் "பரிசு"களில் 82 சதம் வெறும் பணத் திரும்பல். கையில் ஒரு பென்னியாவது கூடுவது 22 சீட்டுக்கு ஒரு முறைதான். திரையில் மட்டும் இரண்டுக்கும் ஒரே மணிச்சத்தம்.

எண்கணக்கு | 4 நவம்பர், இரவு 11.15

அதோடு இதையும் சேருங்கள். இன்னொரு தளத்தில் அதே 4 எண் சீட்டு, 3 பொருந்தினால் 4க்குப் பதில் 3. மற்றதெல்லாம் அப்படியே. பார்க்க ஒரு பவுண்டு வித்தியாசம். ஆனால் மூன்று பொருந்துவது 4.32 சதம் என்பதால் திரும்பும் தொகை நேராக 4.3 சதம் குறைந்து 68.5க்கு வந்துவிடும். அதை ஈடுகட்ட வேண்டுமென்றால் பெரிய பரிசை 112இலிருந்து 126ஆக உயர்த்த வேண்டும். எட்ஜைக் கூட்ட நினைப்பவர் பெரிய பரிசைத் தொடவே மாட்டார். எல்லாரும் பார்ப்பது அதைத்தான். நடுவரியில் ஒன்றைக் கழித்தால் போதும்.

ஆகவே இரண்டு அட்டவணையை ஒப்பிடும்போது முதலில் நடுவரிகளைப் பாருங்கள்.

பழைய சீட்டு | 5 நவம்பர், காலை 7.45

அப்போ 10 எண் சீட்டு போட்டா? பரிசு பெருசாச்சே.

எண்கணக்கு | 5 நவம்பர், காலை 8.10

பத்தும் பொருந்த 89 லட்சத்து 11 ஆயிரத்துச் சொச்சத்தில் ஒன்று. அந்தப் பரிசுக்கு உச்சவரம்பும் இருக்கும். பல காசினோக்களில் ஒரே ஆட்டத்தில் கொடுக்கும் மொத்தத்துக்கும் வரம்பு உண்டு. இரண்டு பேர் உச்சத்தைத் தொட்டால் பங்கு. சீட்டின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், வாங்கும் முன் படிக்க வேண்டிய இடம் அது.

கல்லாப்பெட்டி | 5 நவம்பர், மதியம் 1.20

எட்ஜை மட்டும் பார்த்தால் ஒரு விஷயம் தப்பிவிடும்: வேகம்.

லாட்டரிக் கடையில் ஓடும் கீனோ ஐந்து நிமிடத்துக்கு ஒரு குலுக்கல் என்று வையுங்கள். மணிக்கு 12. ஒரு பவுண்டுக்கு 27 பென்ஸ் போனால் மணிக்கு 3 பவுண்டு 24 பென்ஸ். இதுவே கைபேசியில் நீங்களே பொத்தானை அழுத்தி ஆடும் கீனோ, திரும்பும் பங்கு 94 சதம் என்று வைத்துக்கொள்வோம். எட்ஜ் வெறும் 6. ஆனால் ஆறு நொடிக்கு ஓர் ஆட்டம் என்றால் மணிக்கு 600. அதே ஒரு பவுண்டு வைத்தால் மணிக்கு 36 பவுண்டு. "நல்ல" அட்டவணைதான் பதினோரு மடங்கு வேகமாகக் காலி செய்கிறது.

நெவாடாவில் கீனோ ஆட்டத்தை இன்றும் "ரேஸ்" என்று சொல்வதுண்டு. 1930களில் ரீனோவில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குதிரையின் பெயர் இருந்தது. அதற்கு முன் சீனத்தில் 80 எழுத்துகளை வைத்து ஆடினார்கள். பெயர் மாறியது, 80இல் 20 என்ற கணக்கு மாறவில்லை.

அடுக்ககச் செயலாளர் | 5 நவம்பர், இரவு 8.55

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும், முதல் பதிவில் பிங்கோ இருந்ததால் வந்தேன். எங்கள் குடியிருப்பில் தீபாவளிக்கு தம்போலா வைத்தோம். 120 சீட்டு, சீட்டு 20 ரூபாய். எண் சொல்ல ஒரு செயலி. 64வது எண்ணிலேயே ஃபுல் ஹவுஸ் போய்விட்டது. 90 எண் இருக்கும்போது 64இல் எப்படி முடியும், செயலியில் ஏதோ வேலை செய்திருக்கிறார்கள் என்று இரண்டு வீட்டார் சண்டை. ஒருவரின் சீட்டில் அப்போது 10 எண்தான் அடிக்கப்பட்டிருந்தது. ஏர்லி ஃபைவும் 9வது எண்ணில் போய்விட்டது. செயலி கோளாறா?

எண்கணக்கு | 5 நவம்பர், இரவு 10.20

கோளாறே இல்லை. இப்படி நடந்தால்தான் சரி.

ஒரே ஒரு சீட்டை எடுத்து அது முழுசாக அடிபடும் வரை எண் சொல்லிக்கொண்டே போனால், சராசரியாக 85வது எண் வரை போகும். சண்டை போட்டவர்கள் மனதில் இருந்த கணக்கு அதுதான். ஆனால் 120 சீட்டு ஓடுகிறது. அவற்றில் எது முந்துகிறதோ அதோடு ஆட்டம் முடிகிறது. ஒரு சீட்டு 66வது எண்ணுக்குள் முழுசாகும் வாய்ப்பு 170க்கு ஒன்று. 120 சீட்டு இருக்கும்போது ஆட்டம் அந்த 66க்குள் முடிவது பாதிக்குப் பாதி. 64 ரொம்ப சாதாரணம்.

அந்த 10 எண்காரருக்கு: 64 எண் சொல்லியபோது ஒரு சீட்டில் சராசரியாக அடிபட்டிருக்க வேண்டியது 10.7. அவர் சீட்டு சரியாக நடுவில் நின்றிருக்கிறது. ஏர்லி ஃபைவும் அப்படியே. 120 சீட்டில் அது 9வது, 10வது எண்ணில் போவதுதான் வழக்கம்.

ஏர்லி ஃபைவில் ஒரே எண்ணில் இரண்டு பேர் கை தூக்குவது அடிக்கடி வரும். பங்கு போடுவதா, முதலில் கத்தியவருக்கா என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். கடைசியாகச் சொன்ன எண் அந்த வரியில் இருக்க வேண்டும், அடுத்த எண் சொல்வதற்குள் கேட்க வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்து. பாதிச் சண்டை அங்கேதான் பிறக்கிறது.

அடுக்ககச் செயலாளர் | 5 நவம்பர், இரவு 10.45

ரொம்ப நன்றி. 85 என்ற எண்ணை அந்த வீட்டாரிடம் சொல்லிப் பார்க்கிறேன். நாங்கள் வசூலான 2,400 ரூபாயையும் பரிசாகக் கொடுத்துவிட்டோம்: ஏர்லி ஃபைவ் 200, மூன்று வரிக்கும் தலா 300, நான்கு மூலை 300, ஃபுல் ஹவுஸ் 1,000. அப்படியானால் ஹவுஸ் எட்ஜ் பூஜ்யமா?

கல்லாப்பெட்டி | 6 நவம்பர், காலை 8.30

ஆமாம், பூஜ்யம். இணையத்தில் பணம் வைத்து நடத்தும் எண்ணம் மட்டும் வேண்டாம். இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2022இலேயே அவசரச் சட்டமும் 2023இல் சட்டமும் வந்துவிட்டன. 2025 ஆகஸ்டில் இணையப் பண விளையாட்டுகளையே தடுக்கும் மத்தியச் சட்டமும் நிறைவேறியது. கேள்வி கேட்டவர் லண்டனில் இருக்கிறார், அங்கே உரிமம் பெற்ற பிங்கோ அறைகள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம் வாசி | 6 நவம்பர், மாலை 7.10

என்ர ரெண்டாவது கேள்வி விடுபட்டுப் போச்சு. ஆறு சீட்டுக் கட்டு. அதில 1 தொடக்கம் 90 வரைக்கும் எல்லா எண்ணும் ஒருக்கா இருக்குது. எந்தப் பந்து வந்தாலும் எனக்கு ஒரு எண் அடிபடும். அது நல்லம்தானே?

பழைய சீட்டு | 6 நவம்பர், இரவு 8.00

கட்டா வாங்குறதுதான் சரி. ஒரு எண்ணும் வீணாகாதே.

எண்கணக்கு | 6 நவம்பர், இரவு 9.35

வீணாகாது, ஆனால் பரிசு எண்ணிக்கைக்குக் கிடையாது. ஒரே சீட்டில் 15ம் சேர வேண்டும்.

கட்டின் அமைப்பு இப்படி. ஒரு சீட்டில் மூன்று வரி, வரிக்கு ஐந்து எண். ஆறு சீட்டில் 18 வரி, 90 எண், ஒன்றுகூடத் திரும்ப வராது. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு சீட்டில் மட்டும் ஒரு எண் அடிபடும், மற்ற ஐந்தும் சும்மா நிற்கும். கை எப்போதும் வேலையாக இருப்பதால் நெருங்குவதுபோல் தோன்றும். அறையில் 240 சீட்டு விற்றிருந்தால் உங்கள் பங்கு 240இல் 6. கட்டாக எடுத்தாலும் தனித்தனியாக எடுத்தாலும் கிட்டத்தட்ட அதேதான். உங்கள் இரண்டு சீட்டு ஒரே எண்ணில் முழுசாகி உங்களோடு நீங்களே பங்குபோடும் நிலை மட்டும் கட்டில் வராது. அது மிகச் சிறிய லாபம்.

இன்னொன்று. திரையில் 1TG என்று வரும், இன்னும் ஒரே எண் பாக்கி என்று பொருள். 240 சீட்டு ஓடும் அறையில் ஆட்டம் 64ஐ ஒட்டி முடியும்போது ஆறு ஏழு சீட்டாவது அந்த நிலையில் நிற்கும். ஆகவே 1TG என்பது வெற்றிக்கு ஒரு படி கீழே என்று எடுக்காதீர்கள். ஏழெட்டுப் பேர் நிற்கும் வரிசையில் நீங்களும் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

பிங்கோவில் ஹவுஸ் எட்ஜ் வேறு மாதிரி. சீட்டு 10 பென்ஸ், 240 சீட்டு, வசூல் 24 பவுண்டு. அதில் 18ஐப் பரிசாகப் பிரிக்கிறார்கள்: ஒரு வரிக்கு 3, இரண்டு வரிக்கு 5, ஃபுல் ஹவுஸுக்கு 10. எட்ஜ் 25 சதம். எண் எது விழுந்தாலும், ஆள் எத்தனை பேர் வந்தாலும் அந்த 25 அசையாது.

கல்லாப்பெட்டி | 6 நவம்பர், இரவு 10.50

கடைசி வாக்கியம் தவறு. வசூலில் இத்தனை சதம் என்று பரிசைப் பிரிக்கும் அறைக்குத்தான் அது பொருந்தும். பரிசை முன்கூட்டியே உறுதி செய்யும் அறைகளும் இருக்கின்றன.

எண்கணக்கு | 7 நவம்பர், காலை 6.50

சரிதான், நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன். திருத்துகிறேன், ஏனென்றால் இந்தத் திருத்தம்தான் பிங்கோவில் அறிய வேண்டிய முக்கியமான விஷயம்.

அதே 18 பவுண்டு பரிசை அறை உறுதி செய்துவிட்டது என்று வையுங்கள். 240 சீட்டு விற்றால் ஒரு சீட்டின் மதிப்பு 18ஐ 240ஆல் வகுத்தால் வரும் 7.5 பென்ஸ். 180 சீட்டு விற்றால் சரியாக 10 பென்ஸ், எட்ஜ் பூஜ்யம். ஆள் குறைந்து 150 சீட்டுதான் விற்றால் 12 பென்ஸ். 10 பென்ஸ் கொடுத்து 12 பென்ஸ் மதிப்புள்ள சீட்டை வாங்குகிறீர்கள். கீனோவில் இப்படி ஒரு நிலை தானாக வராது, அங்கே அட்டவணை ஆளைப் பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டியது ஒரே வகுத்தல்: மொத்தப் பரிசு, வகுத்தல் விற்ற சீட்டு.

கல்லாப்பெட்டி | 7 நவம்பர், காலை 9.15

அந்த வகுத்தலில் கீழ் எண் கிடைப்பதுதான் கஷ்டம். அறைக்கு வெளியே பட்டியலில் ஆட்டக்காரர் எண்ணிக்கை தெரியும், சீட்டு எண்ணிக்கை பல இடங்களில் தெரியாது. ஒருவர் ஒரு சீட்டும் வாங்கலாம், சில அறைகளில் 96 வரையும் வாங்கலாம். 25 பேர்தான் இருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட முடியாது. அவர்களில் இரண்டு பேர் 96 எடுத்திருந்தாலே 192 சீட்டு.

அடுத்து, பரிசு எதில் வருகிறது என்று பாருங்கள். போனஸ் பணமாக வந்து, அதை இத்தனை முறை திரும்ப ஆடிய பிறகுதான் எடுக்கலாம் என்றால் அந்த 12 பென்ஸ் 12 பென்ஸ் அல்ல.

எண்கணக்கு | 7 நவம்பர், காலை 9.40

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ரொக்கமாகக் கொடுக்கும் அறையில் விடிகாலை மூன்று மணிக்கு நிலை வேறு. அப்போது ஆள் நிஜமாகவே குறைவு.

கல்லாப்பெட்டி | 7 நவம்பர், காலை 9.55

அந்த நேரத்தில் உறுதிப் பரிசையும் குறைத்துத்தான் வைப்பார்கள். நமக்குத் தெரிகிற மாதிரி அவர்களுக்கும் மணி தெரியும். எண் கொடுக்காமல் இதில் நாம் இருவரும் பேசிக்கொண்டே இருக்கலாம்.

ஈஸ்ட்ஹாம் வாசி | 7 நவம்பர், இரவு 8.20

அறிவிப்பில இன்னொண்டு பாத்தனான். 75 பந்து ஆட்டம், 50 பந்துக்குள்ள கார்ட் முழுசா அடிபட்டால் 5,000 பவுண்டு. கார்ட் 10 பென்ஸ். 75இல 50 எண்டால் மூண்டில ரெண்டு பங்கு எண்கள் வந்திடுமே, லேசா வந்திடாதோ?

எண்கணக்கு | 7 நவம்பர், இரவு 10.05

கார்டில் 24 எண், நடுக்கட்டம் இலவசம். ஒவ்வொரு எண்ணும் வந்திருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. ஆனால் 24ம் சேர்ந்து வர வேண்டும். அதற்கு 2 லட்சத்து 12 ஆயிரத்தில் ஒன்று. ஆக அந்த 5,000 பவுண்டு உங்கள் கார்டுக்குச் சேர்ப்பது 2.4 பென்ஸ்.

பந்து எண்ணிக்கையைக் கொஞ்சம் அசைத்தால் என்ன ஆகிறது பாருங்கள். 48 பந்துக்குள் என்றால் 8 லட்சத்தில் ஒன்று. 55க்குள் என்றால் 10,359இல் ஒன்று. 60க்குள் என்றால் 715இல் ஒன்று. இந்த இடத்தில் ஒரு பந்து கூடினால் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. அறிவிப்பில் பரிசைப் பார்ப்பதற்கு முன் பந்து எண்ணிக்கையைப் பாருங்கள். 5,000 பவுண்டை 10,000 ஆக்கி, 50ஐ 48 ஆக்கினால் கார்டின் மதிப்பு கூடவில்லை. 2.4இலிருந்து 1.25 பென்ஸாகக் குறைந்துவிட்டது.

பழைய சீட்டு | 8 நவம்பர், காலை 7.30

75 பந்துக்கு ஒரு வழி எனக்குத் தெரியும். ஆட்டம் நீளமா போனா வந்த எண்களோட சராசரி 38க்குப் போய் நிக்கும். அதனால 38க்குப் பக்கத்து எண் அதிகமா இருக்கிற கார்டை எடுக்கணும்.

எண்கணக்கு | 8 நவம்பர், காலை 8.40

சராசரி 38க்குப் போவது சரி, 1இலிருந்து 75 வரைக்கும் நடு எண் அதுதான். 1ம் 75ம் வந்தாலும் சராசரி 38தான், கவனித்தீர்களா? நடு எண்கள் அதிகம் வருவதால் சராசரி அங்கே போகவில்லை. இரண்டு ஓரமும் சமமாக வருவதால் போகிறது.

அதோடு கார்டில் அப்படித் தேர்ந்தெடுக்க இடமும் இல்லை. B பத்தியில் 1 முதல் 15 வரை, I பத்தியில் 16 முதல் 30, N பத்தியில் 31 முதல் 45, அப்படியே G, O. எந்தக் கார்டிலும் N பத்தியில் நான்கு எண்தான் இருக்க முடியும்.

கல்லாப்பெட்டி | 8 நவம்பர், காலை 9.30

பழைய சீட்டு பத்தியைப் பேச வைத்ததால் சொல்கிறேன். வடிவப் பரிசுகளில் பத்தி முக்கியம். X வடிவம் என்றால் வேண்டியது 8 எண்கள், நடு இலவசம். அந்த எட்டும் B, I, G, O பத்திகளில் இரண்டிரண்டாக இருக்கும். N பத்தியில் ஒன்றுகூடத் தேவையில்லை. அதாவது 31 முதல் 45 வரை எந்தப் பந்து வந்தாலும் யாருக்கும் பயனில்லை. நான்கு மூலை என்றால் B, O இரண்டு மட்டும், 75இல் 30 பந்துதான் கணக்கு.

இதனால் "இத்தனை பந்துக்குள் X" என்று பரிசு வைக்கும் இடத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பயனற்ற N பந்துகளும் எண்ணிக்கையில் சேருமா? சில அறைகள் அவற்றை இழுக்காமலே விட்டுவிடும், சில இழுத்து எண்ணிக்கையிலும் சேர்க்கும். இரண்டுக்கும் வாய்ப்பு வெகுவாக மாறும். விதிகள் பக்கத்தில் ஒரே வரியாக இருக்கும்.

ஈஸ்ட்ஹாம் வாசி | 8 நவம்பர், மாலை 5.50

நான் பாத்த அறையின்ர விதியில "அழைக்கப்பட்ட எல்லாப் பந்தும்" எண்டு கிடக்கு. அப்ப N பந்தும் சேரும்.

கீனோக் கொப்பியில புதுப் பக்கம் தொடங்கியிருக்கிறன். எண் குறிக்கேல்லை. நான் போற மூண்டு தளத்தின்ர 4 எண் அட்டவணையைத்தான் எழுதினன். ரெண்டில 3 பொருந்தினால் 4, ஒண்டில 3. அந்த மூண்டாவதில பெரிய பரிசு 120 எண்டு கொட்டை எழுத்தில கிடக்கு. 126 வேணும் எண்டனீங்கள், அப்ப அதுதான் மோசம், என்ன?

எண்கணக்கு | 8 நவம்பர், மாலை 6.25

ஆம். 112, 4 உள்ளது 72.9. 120, 3 உள்ளது 71. நீங்கள் சரியாகப் பிடித்துவிட்டீர்கள்.

அடுக்ககச் செயலாளர் | 8 நவம்பர், இரவு 9.10

ஒரு வீட்டார் சமாதானம் ஆகிவிட்டார்கள். இன்னொருவர் பொங்கலுக்குத் துணிப்பையில் காய் போட்டுக் கையால் எடுக்கச் சொல்கிறார். 90 காய் வாங்க வேண்டும். 6, 9 இரண்டுக்கும் அடியில் கோடு போட்டிருப்பது எங்கே கிடைக்கும்?